நான்கு பச்சை, ஒரு சிவப்பு: பெட்ரோல் - சி.என்.ஜி. காரின் விளக்குகளை வாசிப்பது எப்படி

சி.என்.ஜி. கிட் பொருத்திய பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஸ்டீயரிங்கின் இடப்பக்கமோ கியர் கம்பிக்கு முன்னாலோ தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புப் பொத்தான் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் வரிசையாகச் சில பச்சைப் புள்ளிகள், ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சாவியைத் திருப்பினால் ஏதோ ஒன்று மினுக்குகிறது, சற்று நேரத்தில் நின்று எரிகிறது. விற்றவர் "எல்லாம் ஆட்டோமேட்டிக், நீங்கள் எதையும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். பாதி சரியான பேச்சுதான். மீதிப் பாதி தெரியாவிட்டால், கேஸ் பம்பே இல்லாத நெடுஞ்சாலையில் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும்.

தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி.யோடு வரும் கார்களுக்குக் கையேடு உண்டு. வெளியில் கிட் பொருத்திய கார்களுக்குப் பெரும்பாலும் அது கைமாறும்போதே தொலைந்துபோயிருக்கும். ஆகவே இந்தக் கட்டுரை முதன்மையாக அந்தப் பொத்தானைப் பற்றியது. தொழிற்சாலைக் கார்களில் என்ன வேறுபடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இங்கே பேசுவது 'சீக்வென்ஷியல்' கிட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் வகை. அதாவது இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே கேஸ் இன்ஜெக்டர் இருக்கும் வகை. கார்புரேட்டர் காலத்து மூன்று நிலைச் சுவிட்ச் வைத்த வண்டி கையில் இருந்தால் அது வேறு கதை. அதில் நடுநிலை என்பது இரண்டு எரிபொருளையும் அடைத்துவிடும் நிலை. அப்படியே விட்டால் சற்றுத் தூரத்தில் வண்டி நின்றுவிடும்.

முதலில் பொத்தானை அடையாளம் காணுங்கள்

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வடிவம் மாறும். சிலவற்றில் புள்ளிகள் வட்டமாக இருக்கும், சிலவற்றில் நேர்கோடாக. ஆனால் வேலைப் பிரிவினை ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். நான்கு பச்சைப் புள்ளிகள் சிலிண்டரில் உள்ள கேஸின் அளவு. சிவப்பு, இருப்பு முடியப்போகிறது என்பதற்கு. இவற்றிலிருந்து சற்று விலகி, பொத்தானின் நடுவிலோ மேலோ ஒரு தனி விளக்கு இருக்கும். வண்டி இப்போது எந்த எரிபொருளில் ஓடுகிறது என்பதைச் சொல்வது அதுதான். புதியவர்கள் பலரும் பச்சைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளெல்லாம் பெட்ரோலில் ஓட்டிவிட்டு, "கேஸ் குறையவே இல்லை, நல்ல மைலேஜ்" என்று மகிழ்வார்கள்.

அந்தத் தனி விளக்குக்கு மூன்று நிலைகள். அணைந்திருந்தால் பெட்ரோல், நீங்களாகவே பொத்தானை அழுத்தி அப்படி வைத்திருக்கிறீர்கள். மினுக்கினால், கேஸுக்கு மாற ஆணை கிடைத்துவிட்டது, ஆனால் இன்னும் மாறவில்லை. அதுவரை ஓடுவது பெட்ரோலில். நின்று எரிந்தால் கேஸ். சில கிட்களில் பெட்ரோலுக்கென்று தனியாக ஒரு விளக்கு எரியும், நிறமும் மாறலாம். உங்கள் வண்டியில் எது எது என்று உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டி நின்ற நிலையில், பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எந்த விளக்கு அணைகிறதோ அதுதான் கேஸ் விளக்கு. மறுபடி அழுத்தினால் அது சில நொடிகள் மினுக்கிவிட்டு நின்று எரியும். இரண்டு எரிபொருளிலும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மாறும் நொடியில் ஒரு மெல்லிய 'டக்' ஒலி பானெட் பக்கத்திலிருந்து வரும். அது கேஸைத் திறந்து மூடும் சாலினாய்ட் வால்வு. அந்த ஒலி பழகிவிட்டால் விளக்கைப் பார்க்கவே தேவையிருக்காது.

காலையில் ஏன் மினுக்குகிறது

பொத்தான் கேஸ் நிலையில் இருந்தாலும் வண்டி பெட்ரோலில்தான் கிளம்பும். இது பழுதல்ல. சிலிண்டரில் கேஸ் இருப்பது 200 பார் வரையிலான அழுத்தத்தில். இன்ஜெக்டருக்குப் போக வேண்டியது சில பார் மட்டுமே. இந்தப் பெரிய இறக்கத்தைச் செய்வது பானெட்டுக்குள் உள்ள ரெகுலேட்டர் என்ற உலோகப் பெட்டி. அழுத்தம் இவ்வளவு வேகமாகக் குறையும்போது கேஸ் கடுமையாகக் குளிர்ந்துவிடும். பெட்டியே பனி பூத்து உறையும். அதைத் தடுக்க, இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட்டின் ஒரு கிளையை ரெகுலேட்டர் வழியாகவும் ஓடவிட்டிருப்பார்கள். கூலன்ட் போதுமான அளவு சூடேறும்வரை கிட் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் மினுக்கல்.

மாறும் வெப்பநிலையைக் கிட் பொருத்தியவர் கணினியில் குறித்துவைத்திருப்பார். பொதுவாக 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. சென்னைச் சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் கூலன்ட் ஏற்கெனவே அந்தச் சூட்டில் இருக்கும், கிளப்பியதும் மாறிவிடும். உதகையில் மார்கழிக் காலையில் தெரு முனை தாண்டியும் மினுக்கிக்கொண்டிருக்கும். இரண்டுமே இயல்பு. வெப்பம் மட்டுமல்லாமல் இன்ஜின் வேகமும் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று பல கிட்களில் வைத்திருப்பார்கள். ஆகவே நின்ற இடத்தில் வெறுமனே ஓடவிட்டால் மாறாமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியதும் மாறும்.

வெப்பமானியின் முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் மினுக்கல் நிற்கவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். இன்ஜின் ஆறியபிறகு கூலன்ட் தொட்டியின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ரெகுலேட்டருக்குப் போகும் கிளைக்குழாயில் காற்று அடைத்துக்கொண்டு, சூடு அங்கே எட்டாமல் போயிருக்கும். இன்ஜின் சூடாக இருந்தும் ரெகுலேட்டர் மட்டும் சில்லென்று இருப்பது அதற்கான அடையாளம். கூலன்ட் சரியாக இருந்து ரெகுலேட்டரும் சூடாக இருந்தால், வெப்பத்தை அளக்கும் சென்சாரோ அதன் வயரோதான் பிழை. இது கிட் மெக்கானிக்கின் வேலை.

பச்சைப் புள்ளிகள் கிலோவைக் காட்டவில்லை

இதுதான் இந்தப் பொத்தானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதன்மையானது. பெட்ரோல் டேங்கில் மிதவை ஒன்று மிதந்துகொண்டு அளவைச் சொல்கிறது. கேஸில் மிதக்க எதுவும் இல்லை. பானெட்டுக்குள், ரெகுலேட்டரின் நுழைவாயிலிலோ அதை ஒட்டிய குழாயிலோ, முள் வைத்த சிறிய வட்ட அழுத்தமானி இருக்கும். அதன் முதுகில் உள்ள சென்சார் முள்ளின் நிலையைப் படித்து, நான்கு புள்ளிகளாக உள்ளே அனுப்புகிறது. ஆக, புள்ளிகள் காட்டுவது அழுத்தத்தை. அழுத்தமோ கேஸின் அளவோடு மட்டுமல்ல, சூட்டோடும் மாறும்.

விளைவு என்ன? பம்பில் நிரப்பும்போது கேஸ் சிலிண்டருக்குள் அமுக்கப்பட்டுச் சூடாகிறது. 200 பாரில் பம்ப் தானாக நின்றுவிடும்; நான்கு பச்சையும் எரியும். வீட்டுக்கு வந்து நிறுத்தி, மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் முள் 185 அளவில் நிற்கும். ஒரு கிராம்கூடக் கசியவில்லை, ஆறிவிட்டது, அவ்வளவுதான். நிரப்பும்போதே பம்பில் அழுத்தம் குறைவாக இருந்திருந்தால் இந்த இறக்கம் ஒரு புள்ளியையே அணைத்துவிடும். குழாய்வழியில் இணைக்கப்படாத பம்புகளில் இது அடிக்கடி நடக்கும். அங்கே லாரியில் அடுக்கடுக்காக வரும் சிலிண்டர்களிலிருந்துதான் நிரப்புவார்கள். அந்த அடுக்கு காலியாகிக்கொண்டே வரும் நேரத்தில் போனால், 160 பாரிலேயே "அவ்வளவுதான் ஏறும்" என்று குழாயைக் கழற்றிவிடுவார்கள். சூட்டில் அது நான்கு புள்ளியாகத் தெரியும், விடிந்தால் மூன்று. கசிவு என்று பதறி மெக்கானிக்கிடம் ஓடும் முன், இரசீதில் எத்தனை கிலோ ஏறியது என்று பாருங்கள். பம்பின் திரையில் உள்ள அழுத்தத்தையும் கவனித்துவையுங்கள்.

உண்மையான கசிவு வேறு மாதிரி இருக்கும். முதல்நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் முள் சற்று இறங்கிப் பிறகு அப்படியே நின்றால் அது ஆறியது. ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே நேரத்தில் பார்க்கும்போது இறங்கிக்கொண்டே போனால் அது கசிவு. சி.என்.ஜி.யில் வாசனைப் பொருள் கலந்திருப்பதால் மூக்கும் சொல்லும். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் கதவு, ஜன்னல், டிக்கி எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். காற்றைவிட எடை குறைந்த வாயு என்பதால் மேலே எழுந்து கலைந்துவிடும். சிலிண்டரின் கழுத்தில் உள்ள கைவால்வை வலப்புறமாகத் திருகி மூடிவிட்டுப் பிறகு மெக்கானிக்கை அழையுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது, டிக்கியில் சாமான் இருக்கும்போது கை எட்டுமா என்பதை வாங்கிய அன்றே பார்த்துவைப்பது நல்லது.

ஒரு சிலிண்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

60 லிட்டர் சிலிண்டர் வைத்த சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த 60 லிட்டர் என்பது தண்ணீர் ஊற்றினால் பிடிக்கும் அளவு. கேஸ் கிலோவில்தான் விற்கப்படுகிறது. ஏறக்குறைய காலியான நிலையில் போய் 8 கிலோ நிரப்பியிருக்கிறோம். ஆறியபிறகு முள் 185 பாரில் நிற்கிறது. கிலோவுக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 160 கிலோமீட்டர். அழுத்தம் 15 பாருக்குக் கீழே போனால் ரெகுலேட்டரால் போதுமான கேஸ் தர முடியாது என்று கொள்வோம். அப்படியானால் பயன்படும் அழுத்தம் 170 பார். ஒரு பாருக்கு ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றுக் குறைவு.

புள்ளிகள் 150, 100, 50 பாரில் ஒவ்வொன்றாக அணையும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. 25 பாரில் கடைசிப் பச்சையும் போய்ச் சிவப்பு எரியும். இப்போது ஓட்டிப் பாருங்கள். நான்கு புள்ளி எரிவது முதல் 33 கிலோமீட்டர் மட்டுமே. மூன்று புள்ளியில் 47, இரண்டில் 47, ஒன்றில் 24. சிவப்பில் மிஞ்சுவது 9 கிலோமீட்டர்.

"நான்கில் ஒன்று போனால் கால்வாசி போயிற்று" என்ற கணக்கு ஏன் பொய்க்கிறது என்பது இதில் தெரியும். முதல் புள்ளி விரைவாக அணைவதைப் பார்த்து மைலேஜ் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அதைவிட ஆபத்தானது கடைசிப் பச்சையை நம்புவது. ஒரு புள்ளி எரிகிறதே, இன்னும் 40 கிலோமீட்டர் போகலாம் என்று நினைத்தால் 33-இலேயே தீர்ந்துவிடும். அதிலும் 9 கிலோமீட்டர் சிவப்பில்.

உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு முழுச் சிலிண்டர் போதும். நிரப்பியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஒவ்வொரு புள்ளி அணையும்போதும் கிலோமீட்டரை ஒரு தாளில் எழுதுங்கள். சிவப்பு எரிவது, பிறகு தானாகப் பெட்ரோலுக்கு மாறுவது, இரண்டையும் எழுதுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஏறிய கிலோவால் மொத்தக் கிலோமீட்டரை வகுத்தால் மைலேஜ். இதை ஊருக்குள் ஓட்டும்போது செய்யுங்கள். பெட்ரோல் டேங்கில் போதுமான பெட்ரோல் இருக்கட்டும். அந்தத் தாளை டேஷ்போர்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டால், பிறகு புள்ளிகள் எந்த ஊர்க் கணக்கில் எரிந்தாலும் கவலையில்லை.

ஒரு புள்ளி மட்டும் 80 கிலோமீட்டர் எரிந்து, அடுத்தது 10-இல் அணைந்தால் சென்சாரின் அமைப்பு கிட் மென்பொருளில் தவறாகப் பதியப்பட்டிருக்கிறது என்று பொருள். சிலிண்டர் முழுதாக இருக்கும்போதும் இரண்டே புள்ளி எரிந்தால் அதுவும் அப்படித்தான். பானெட்டைத் திறந்து முள்ளைப் பாருங்கள். முள் சொல்வதற்கே முதல் மதிப்பு. முள் 180-இல் நின்று உள்ளே இரண்டு புள்ளி எரிந்தால், லேப்டாப்பை இணைத்து எந்தப் புள்ளி எந்த மின்னழுத்தத்தில் அணைய வேண்டும் என்று மாற்றி எழுதும் சிறு வேலைதான் பாக்கி. இதற்காகப் புதுச் சென்சார் வாங்கச் சொன்னால், முள்ளைக் காட்டிக் கேள்வி கேளுங்கள்.

சிவப்பும் 'பீப்' ஒலியும்

கேஸ் தீர்ந்ததும் பொத்தானிலிருந்து விட்டுவிட்டு ஒலி எழும். வண்டி தானாகப் பெட்ரோலுக்கு மாறியிருக்கும். ஒருமுறை பொத்தானை அழுத்தினால் ஒலி நின்று, பெட்ரோல் நிலை உறுதியாகும். புதியவர்கள் செய்வது, ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி அழுத்திக் கேஸுக்கே மாற்றுவது. சமதளத்தில் மெதுவாகப் போனால் மிச்சம் மீதிக் கேஸில் சிறிது தூரம் ஓடும், பிறகு மறுபடி ஒலிக்கும். லாரியை முந்திக்கொண்டிருக்கும் நொடியில் இந்த மாற்றம் வந்தால் இழுவை ஒரு கணம் தளரும். அந்த ஐந்தாறு கிலோமீட்டர்க் கேஸ் அதற்குத் தகுந்த விலையில்லை என்பது என் கருத்து.

கேஸ் நிரப்பியபிறகு பலர் மறப்பது: பெட்ரோல் நிலையில் விட்ட பொத்தான் பெட்ரோல் நிலையிலேயே இருக்கும். பச்சைப் புள்ளிகள் நான்கும் பளிச்சென்று எரிந்தாலும் தனி விளக்கு அணைந்திருந்தால் ஓடுவது பெட்ரோலில்.

புள்ளிகள் இருக்கும்போதே பெட்ரோலுக்கு மாறினால்

இரண்டு பச்சை எரிகிறது. மேம்பாலம் ஏறும்போது 'பீப்' அடித்துப் பெட்ரோலுக்கு மாறிவிடுகிறது. இறங்கியபிறகு அழுத்தினால் கேஸில் ஒழுங்காக ஓடுகிறது. விளக்கு கெட்டுவிட்டதா என்று கேட்பார்கள். விளக்கு சரியாகத்தான் இருக்கிறது. புள்ளிகளை எரியவைக்கும் சென்சார் வேறு, பெட்ரோலுக்கு மாறச் சொல்லும் சென்சார் வேறு. முன்னது ரெகுலேட்டருக்கு முன்னால், உயர் அழுத்தப் பக்கம் இருக்கிறது. பின்னது ரெகுலேட்டரைத் தாண்டி, இன்ஜெக்டர்களுக்குப் போகும் தாழ் அழுத்தக் குழாயில் இருக்கிறது. சிலிண்டரில் கேஸ் இருக்கிறது என்று முதலாவது சொல்கிறது. எனக்கு வந்து சேரவில்லை என்று இரண்டாவது சொல்கிறது. நடுவில் எங்கோ அடைப்பு.

எந்தப் பக்கம் அடைப்பு என்பதை நீங்களே ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், பானெட்டைத் திறந்து, கேஸில் ஓடும்போது ஒருவரை ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓடும் பெல்ட், விசிறிகளுக்கு அருகே கையோ துணியோ போகக் கூடாது. நீங்கள் அழுத்தமானியின் முள்ளைப் பாருங்கள். அழுத்தும்போது முள் இறங்கி, விட்டதும் ஏறினால் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வரை வரும் வழியில் நெருக்கம். பெரும்பாலும் சிலிண்டரின் கைவால்வு முழுதாகத் திறக்கப்படாமல் இருக்கும். சர்வீஸ் முடித்தவர் பாதி திறந்து விட்டிருப்பார். அதை முழுதாக, ஆனால் மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால், குழாய் உடைந்தால் கேஸை அடைப்பதற்கென்று வால்வுக்குள் வைத்திருக்கும் பாதுகாப்பு அமைப்பு, உடைப்பு என்று எண்ணி அடைத்துக்கொள்ளக்கூடும்.

முள் அசையாமல் நின்று, வண்டி மட்டும் பெட்ரோலுக்கு மாறினால் குறை ரெகுலேட்டரிலோ அதற்கு அடுத்த வடிகட்டியிலோ இருக்கிறது. நியூட்ரலில் அழுத்தும்போது இழுக்கும் கேஸ், மேட்டில் ஏறும்போது இழுப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே இந்தச் சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதற்காகக் குறையே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் மாற்ற வேண்டியது தாழ் அழுத்த வடிகட்டி. மலிவானது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

பெட்ரோல் முள்ளும் மஞ்சள் விளக்கும்

காரின் சொந்த மீட்டரில் உள்ள பம்ப் சின்னம் பெட்ரோலுக்கு மட்டுமானது. அது மஞ்சளாக எரிந்தால், கேஸ் நிறைய இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வெளியில் பொருத்தும் கிட்கள் பலவற்றில், வண்டி கேஸில் ஓடும்போதும் டேங்குக்குள் உள்ள பெட்ரோல் பம்ப் சுழன்றுகொண்டேதான் இருக்கும். அதைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெட்ரோல். கால் டேங்குக்குக் குறையாமல் வைத்திருப்பது பம்புக்கு ஆயுள்.

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண்ணையும் கேஸ் காரில் நம்ப வேண்டாம். பெட்ரோல் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்தன என்பதை வைத்து காரின் கணினி அதைக் கணிக்கிறது. கேஸில் ஓடும்போது கிட் அந்த ஆணையை இடைமறித்துக் கேஸ் இன்ஜெக்டருக்குத் திருப்பிவிடுகிறது. பெட்ரோல் செலவாகிறது என்றே கணினி எண்ணிக்கொண்டிருக்கும். எண் இறங்கும், முள் அசையாது, பிறகு எண் திடீரென்று தாவும்.

இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால், எந்த எரிபொருளில் ஓடும்போது எரிந்தது என்பதை நினைவில் வையுங்கள். மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். ஸ்கேனரில் `P0171` என்று வந்தால் எரிபொருள் போதவில்லை, காற்று மிகுதி என்று பொருள். அழித்துவிட்டுச் சில நாள் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். வரவில்லை, கேஸுக்கு மாறியதும் வருகிறது என்றால் கேஸ் அளவின் அமைப்பை மென்பொருளில் திருத்த வேண்டும் அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. அதே விளக்கு மினுக்கினால் இன்ஜினில் எரிதல் தவறுகிறது. வேகத்தைக் குறைத்து உடனே பெட்ரோலுக்கு மாறுங்கள். பெட்ரோலில் சரியாகிவிட்டால் முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் காட்டிக்கொடுத்துவிடும்.

தொழிற்சாலையிலேயே கேஸோடு வரும் கார்களில்

இங்கே ஒட்டுப் பொத்தான் கிடையாது. டேஷ்போர்டிலேயே ஒரு சுவிட்ச், மீட்டருக்குள்ளேயே கேஸ் அளவு. கேஸில் ஓடும்போது `CNG` என்ற எழுத்து மீட்டரில் எரியும். சுவிட்சை அழுத்துவது, "பெட்ரோலில் மட்டும் ஓடு" என்று கட்டாயப்படுத்துவதற்கு. விட்டுவிட்டால் கார் தானே தேர்ந்துகொள்ளும். மாருதியின் கார்கள் பெட்ரோலில் கிளம்பிப் பிறகு கேஸுக்கு மாறுபவை. டாடா 2022 ஜனவரியில் தியாகோ, டிகோர் கார்களில் கொண்டுவந்த அமைப்பு நேரடியாகக் கேஸிலேயே கிளம்பும். மாருதியிலிருந்து டாடாவுக்கு மாறியவர், காலையில் மினுக்கலே இல்லையே என்று தேட வேண்டாம்.

இந்தக் கார்களில் புதியவர்களை அதிகம் குழப்புவது வேறொன்று. கேஸ் நிரப்பும் மூடியில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். மூடி சரியாகச் சாத்தப்படாவிட்டால் இன்ஜின் கிளம்பாது. நிரப்பிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் பேச்சு மூச்சில்லை என்றால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் இறங்கிப் போய் மூடியை அழுத்திச் சாத்துங்கள்.

பெட்ரோல் பம்ப் கைவிட்டால்

கிட் கார்களின் பொத்தானில் அதிகம் பேர் அறியாத வசதி ஒன்று மிச்சம் இருக்கிறது. பெட்ரோல் தீர்ந்தோ பம்ப் பழுதாகியோ வண்டி கிளம்பவே மறுத்தால், பல கிட்களில் நேரடியாகக் கேஸில் கிளப்பலாம். சாவியை முழுதாக அணையுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே சாவியைத் திருப்புங்கள், ஆனால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சில நொடிகளில் தனி விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தால் கிட் ஒப்புக்கொண்டுவிட்டது. பொத்தானை விட்டுவிட்டுக் கிளப்புங்கள். ரெகுலேட்டர் இன்னும் சூடேறியிருக்காது என்பதால், கூலன்ட் சூடாகும்வரை ஆக்ஸிலரேட்டரை ஓங்கி அழுத்தாமல் மெதுவாகவே ஓட்டுங்கள். சில கிட்கள் இப்படிக் கிளப்பிய முறைகளை எண்ணிவைத்து, ஓர் அளவுக்கு மேல் மறுத்துவிடும். மெக்கானிக் கடை வரை போய்ச் சேர இது போதும்.